பொருள்: கணக்குப் பிரிவு வேலை – சேரும் முன் வேலை நேரம் பற்றி ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய பணி ஆணை கிடைத்தது. ரொம்ப மகிழ்ச்சி. மாதச் சம்பளம் 28,000 ரூபாயும் மற்ற விதிகளும் எனக்குச் சம்மதம். வேலை நேரத்தில் மட்டும் ஒரு மாற்றம் கேட்க வேண்டியிருக்கிறது. சேர்ந்த பிறகு வந்து நிற்பதைவிட, கையெழுத்துப் போடும் முன்பே சொல்வதுதான் முறை.

தக்கலையில் நானும் அம்மாவும்தான் இருக்கிறோம். அண்ணன் துபாயில். போன வருடம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் வராமல் போனது. காலையில் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்து, உடம்பு துடைத்துவிட்டுக் கஞ்சி கொடுக்க வேண்டும். விழுங்கச் சிரமம் என்பதால் சிறு கரண்டியால் நிதானமாகத்தான் கொடுக்க முடியும். அவசரப்படுத்தினால் புரையேறிவிடும். அதை மட்டும் என்னால் இன்னொருவர் கையில் விட முடியவில்லை. பகலில் பார்த்துக்கொள்ளும் அக்கா 8.45க்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்பிவிடுவார். பஸ் பிடித்து வடசேரியில் இறங்கி அலுவலகம் வந்து சேர 10 மணி ஆகிவிடும்.

ஆணையில் 9 முதல் 6 வரை என்று இருக்கிறது. அதற்குப் பதில் 10 மணிக்கு வந்து 5 மணிக்குக் கிளம்ப அனுமதி கேட்கிறேன். மதிய இடைவேளையை அரை மணியாகக் குறைத்துக்கொள்கிறேன். மீதி ஒன்றரை மணி நேர வேலையை, அம்மா தூங்கிய பிறகு இரவு 8.30 முதல் 10 வரை வீட்டிலிருந்து முடித்துவிடுவேன். அப்போது எட்டு மணி நேரம் குறையாது. பில் பதிவு, வங்கிக் கணக்கு ஒத்துப்பார்ப்பது போன்றவற்றை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்குக் கவலை வரக்கூடிய இடம் கெடு தேதிகள்தான். 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. இந்த மூன்று நாளும், ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாளும் 9 முதல் 6 வரை கட்டாயம் அலுவலகத்தில் இருப்பேன். அன்றைக்கு வீட்டில் வந்து தங்கச் சித்தி மகள் ஒத்துக்கொண்டிருக்கிறாள். முன்பு வேலை பார்த்த இடத்திலும் நான் ஒரு ரிட்டர்னைக்கூடத் தாமதமாகப் போட்டதில்லை.

முதல் மூன்று மாதம் இப்படிப் பார்க்கலாம். வேலையில் தொய்வு தெரிந்தால் நேரத்தைத் திரும்பப் பேசுவோம். சரி என்றால், இந்த நேரத்தைப் பணி ஆணையிலேயே ஒரு வரி சேர்த்துத் தர வேண்டுகிறேன். மேலதிகாரி மாறினாலும் பிறகு குழப்பம் வராது. 10 மணி முடியாது, 9.30 என்றால் முடியும் என்றாலும் சொல்லுங்கள், அக்காவிடம் பேசிப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வியாழக்கிழமை பகல் 12 மணிக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் பேசுகிறேன். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

நன்றியுடன்,
சுஜிதா
தக்கலை