கடை பில்லிங் மென்பொருள்: திருத்திய வேலைத் திட்டம்

பெங்களூரு, 04.09.2026

அண்ணாச்சிக்கு வணக்கம்.

ஜூலையில் நாம் ஒப்புக்கொண்ட திட்டத்தில் அக்டோபர் 5-ஆம் தேதி எல்லாம் முடிவதாக இருந்தது. அது நடக்காது. எந்தத் தேதியில் எது முடியும், எதைத் தள்ளி வைக்க வேண்டும், உங்கள் பக்கம் என்ன முடிவு வேண்டும் என்பதை இதில் எழுதியிருக்கிறேன். தம்பிக்கும் ஆடிட்டர் சாருக்கும் இதே நகல் போகிறது.

முதலில் ஒப்புக்கொண்டது அல்சூர், மல்லேஸ்வரம், ஜெயநகர் ஆகிய மூன்று கடைகளுக்குப் பில்லிங், பீன்யா சமையல் கூடத்துக்கு இருப்புக் கணக்கு. அதில் மீதி இருப்பது 40 ஆள்-நாள் வேலை. நடுவில் சேர்ந்தவை இவை: ஒயிட்ஃபீல்டு கடை (4 ஆள்-நாள்), கம்பெனி ஆர்டர்களுக்கு இ-இன்வாய்ஸ் (22), தராசை பில்லிங்கோடு இணைப்பது (15), டெலிவரி ஆப் ஆர்டர்கள் நேரடியாக பில்லில் ஏறுவது (24), வாடிக்கையாளர் பாயின்ட் அட்டை (18), கேஷியர் திரை கன்னடத்தில் (12). சேர்ந்தது மட்டும் 95. ஆக மொத்தம் 135.

எங்கள் பக்கம் மூன்று பேர். பழுது பார்ப்பது, உங்களோடு பேசுவது எல்லாம் போக, மூவரும் சேர்ந்து ஒரு நாளில் 2.4 ஆள்-நாள் வேலைதான் நகர்த்த முடியும். திங்கள் முதல் அக்டோபர் 5 வரை விநாயகர் சதுர்த்தியும் காந்தி ஜெயந்தியும் போக 19 வேலை நாள். அதற்குள் 45 ஆள்-நாள் தேறும். 135-ஐ அதில் அடைக்க வழியில்லை. வரிசையாகச் செய்துகொண்டே போனால் நவம்பர் கடைசியில்தான் முடியும். தீபாவளியோ நவம்பர் 8.

"இன்னும் ரெண்டு பேரைப் போடுங்களேன்" என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் கடைக் கணக்கு புதிதாக வருகிறவருக்குப் பிடிபட இரண்டு வாரமாவது ஆகும். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களும் இதே மூன்று பேர்தான். செப்டம்பரில் அது வேலையைத் தாமதப்படுத்தும்.

அதனால் திட்டத்தை தீபாவளிக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முன் முடிப்பது 52 ஆள்-நாள் வேலை: பழைய மீதி முழுவதும், ஒயிட்ஃபீல்டு கடை, இ-இன்வாய்ஸில் ஒரு பகுதி. அந்தப் பகுதி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிவிட்டதால், கம்பெனிகளுக்குப் போகும் பரிசுப்பெட்டி பில்லுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். கவுன்ட்டரில் வாங்கும் வாடிக்கையாளருக்கு வேண்டாம். இப்போது ஆடிட்டர் ஆபீஸில் ஒவ்வொரு பில்லையும் போர்ட்டலில் கையால் தட்டுகிறார்கள். தீபாவளி நெருங்கினால் ஐ.டி. கம்பெனி ஆர்டர்கள் குவியும், கையால் முடியாது. முழு இணைப்புக்கு இடைத்தரகு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு, சோதனை முடித்து வர நாளாகும். இப்போதைக்கு எங்கள் மென்பொருள் அன்றைய கம்பெனி பில்களை ஒரே JSON கோப்பாகத் தரும், ஆடிட்டர் ஆபீஸில் அதை மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம். இதற்கு 8 ஆள்-நாள் போதும். மீதி 14 பின்னால்.

தேதிகள்:

செப்டம்பர் 28, திங்கள்: அல்சூரில் பில்லிங் மட்டும் சோதனை ஓட்டம். பழைய பில் மெஷின் பக்கத்திலேயே இருக்கும்.
அக்டோபர் 5: மல்லேஸ்வரம்.
அக்டோபர் 8: ஜெயநகர்.
அக்டோபர் 9: இருப்புக் கணக்கு, JSON கோப்பு.
அக்டோபர் 12: ஒயிட்ஃபீல்டு.
அக்டோபர் 15 முதல் நவம்பர் 10 வரை: கடைகளில் ஓடும் மென்பொருளில் எந்த மாற்றமும் இல்லை. பில் நின்றுபோனால் அதை மட்டும் சரிசெய்வோம். விலை மாற்றம் நீங்களே செய்துகொள்ளலாம்.
டிசம்பர் 18, வெள்ளி: மற்ற எல்லாம்.

அக்டோபர் 3 இரவு ஒரு முடிவு எடுக்க வேண்டும். அல்சூரில் கல்லாப் பணமும் மென்பொருள் கணக்கும் கடைசி மூன்று நாளும் ஒத்துப்போயிருந்தால் மற்ற கடைகளுக்குப் போகலாம். ஒரு நாள் இடித்தாலும், மற்ற மூன்று கடைகளும் தீபாவளி முடியும் வரை பழைய மெஷினிலேயே ஓடட்டும். அன்று "பார்த்துக்கலாம்" என்று இறங்கினால், தீபாவளிக்கு முந்தின நாள் வரிசையில் நிற்கிறவர்தான் அவதிப்படுவார்.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிய பயம் சரக்குப் பட்டியல். ஒரே மிக்சர் அல்சூரில் "ஸ்பெஷல் மிக்சர்", மல்லேஸ்வரத்தில் "காரா மிக்சர்", ஜெயநகரில் வெறும் "மிக்சர்". நெய் மைசூர்பாகு ஒரு கடையில் கிலோ கணக்கு, இன்னொன்றில் அரைக்கிலோ பெட்டிக் கணக்கு. இப்படியே ஏற்றினால் பீன்யாவில் எது எவ்வளவு போட வேண்டும் என்று மென்பொருளால் சொல்லவே முடியாது. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே பெயர், ஒரே அலகு, விலை, வரி விகிதம், காலிப் பெட்டியின் எடை ஆகியவை செப்டம்பர் 16-க்குள் வேண்டும். பெட்டியையும் சேர்த்து இனிப்பை எடை போட்டு விற்கக் கூடாது என்பது எடையளவுச் சட்டம். தராசு இணைப்பு வரும் வரை அந்த எடையை பில்லில்தான் கழிக்க வேண்டும். பட்டியல் எத்தனை நாள் தாமதமோ, அத்தனை நாள் 28-ஆம் தேதியும் தள்ளும்.

பரிசுப்பெட்டி பற்றி ஆடிட்டர் சார் எழுத்தில் ஒரு வார்த்தை தர வேண்டும். வெவ்வேறு வரி விகிதமுள்ள சாமான்களை ஒரே பெட்டியில், ஒரே விலைக்கு விற்றால் உள்ளதிலேயே அதிக விகிதம்தான் முழுப் பெட்டிக்கும் வரும். எந்தப் பெட்டிக்கு எது என்று அவர் சொன்னபடி அமைத்துவிடுவோம்.

தீபாவளிக்குப் பின் முதலில் கன்னடத் திரை. கேஷியர்களில் பாதிப்பேருக்குத் தமிழும் ஆங்கிலமும் தடுமாற்றம் என்று உங்கள் மேனேஜரே சொன்னார். அப்புறம் தராசு, இ-இன்வாய்ஸ் மீதி, டெலிவரி ஆப். பாயின்ட் அட்டையை இந்த வருடம் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. உங்கள் வாடிக்கையாளர் பாயின்டுக்காக வருகிறவர் இல்லை. அதை எடுத்துவிட்டால் டிசம்பர் 18 என்பது டிசம்பர் 11 ஆகும்.

செலவு: கூடுதல் 95 ஆள்-நாளுக்கு நாளுக்கு 6,000 ரூபாய் வீதம் 5,70,000, ஜிஎஸ்டி தனி. பாயின்ட் அட்டை இல்லாவிட்டால் 4,62,000. பழைய ஒப்பந்தத் தொகையில் மாற்றமில்லை.

இனி புதிதாக ஏதாவது தோன்றினால் போனில் எங்கள் பையன்களிடம் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி, மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். எத்தனை நாள், எவ்வளவு பணம், எந்தத் தேதி நகரும் என்று இரண்டு நாளில் பதில் வரும். நீங்கள் சரி என்ற பிறகுதான் வேலை தொடங்கும்.

புதன்கிழமை, 9-ஆம் தேதிக்குள் மூன்று பதில் வேண்டும்: இந்தத் தேதிகள் சம்மதமா, பாயின்ட் அட்டை வேண்டுமா, சரக்குப் பட்டியலை உங்கள் பக்கம் யார் முடித்துத் தருவார். மூன்றாவதற்கு நான்கு கடையையும் தெரிந்த ஒரே ஆளாக இருந்தால் நல்லது. தம்பியே பார்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
திட்டப் பொறுப்பாளர்