ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல்: குழுச் செயல்திட்ட மதிப்பீட்டு அளவுகோலும் வினாக்களும்

தலைப்புகள்: நொய்யல் ஆறு, காளிங்கராயன் வாய்க்கால், ஈரோடு மஞ்சள், பவானி ஜமக்காளம், காங்கேயம் காளை. ஐந்து குழுக்கள், குழுவுக்கு ஆறு பேர். விளக்க 8 நிமிடம், வினாவுக்கு 6 நிமிடம். மொத்தம் 25 மதிப்பெண்: குழுவுக்கு 15, தனியாளுக்கு 10.

மதிப்பிடும் ஆசிரியர் இருவருக்கும்

சென்ற ஆண்டு தறிக்குடிகளுக்கு நேரில் போய்த் தகவல் திரட்டிய மாணவி, மேடையில் குரல் எழும்பாததால் பின்தங்கினாள். அவள் எழுதிக் கொடுத்ததைக் கணீரென்று வாசித்தவன் முன்னால் வந்தான். அதனால்தான் இந்த முறை தனியாள் பங்குக்கு 10 ஒதுக்கியிருக்கிறேன்.

குழு வினாக்களில் யாரிடம் எந்த வினா என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்யுங்கள். நன்றாகப் பேசுபவரைப் பார்த்துக் கேட்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகே பேசிக்கொள்ளுங்கள். இருவரின் சராசரியே இறுதி மதிப்பெண். வேறுபாடு 3-க்கு மேல் போனால் குழுவின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்து இருவரும் திரும்பப் போட வேண்டும்.

அ. தகவலின் நம்பகம் (குழுவுக்கு 6)

எல்லாக் குழுவுக்கும் பொது வினா: "நீங்கள் சொன்னவற்றில் நேரில் பார்த்தது எது, படித்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது?"

மூன்றையும் பிரித்துச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் பக்கம் காட்டினால் 6. பிரித்துச் சொல்லியும் சான்று பாதிக்குத்தான் இருந்தால் 4. எல்லாம் "இணையத்தில் இருந்தது" என்றால் 2.

காளிங்கராயன் குழுவுக்குக் கூடுதலாக: "பாம்பு ஊர்ந்த தடத்தில் வாய்க்கால் வெட்டினார்கள் என்கிறார்கள். அது வளைந்து வளைந்து போவதற்கு வேறு காரணம் சொல்ல முடியுமா?" நிலத்தின் சரிவை ஒட்டி, தண்ணீர் தானாகவே ஓடும்படி வெட்டியது என்ற கருத்து வர வேண்டும். பாம்புக் கதையைச் சொன்னதற்காகக் குறைக்க வேண்டாம். கதையென்று தெரிந்து சொல்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

ஆ. காரணமும் விளைவும் (குழுவுக்கு 6)

நொய்யல்: "1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் போனது ஏன்? அதில் யாருக்கு இழப்பு?" சாயக்கழிவு என்று ஒற்றைச் சொல்லோடு நின்றால் 2. கழிவில் உள்ள உப்பு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததை விளக்கினால் 4. சாயப்பட்டறையை நம்பிப் பிழைத்தவர்களின் பக்கத்தையும் சேர்த்து எடைபோட்டால் 6. சாயத்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். குற்றவாளியைத் தேடும் தொனியில் கேட்க வேண்டாம்.

ஜமக்காளம்: "குழித்தறியில் நெய்ததையும் விசைத்தறியில் நெய்ததையும் பக்கத்தில் வைத்தால், விலை ஏன் வேறுபடுகிறது?"

மஞ்சள்: "2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் மட்டுமே விவசாயிக்கு விலை கூடிவிடுமா?"

காளை: "டிராக்டர் வந்த பிறகும் இந்த இனத்தை வளர்ப்பவர்கள் எதற்காக வளர்க்கிறார்கள்?"

இந்த மூன்றுக்கும், காளிங்கராயன் குழுவிடம் கேட்ட வாய்க்கால் வினாவுக்கும் அதே படிநிலை: ஒற்றைச் சொல் 2, காரணத்தோடு 4, இன்னொரு தரப்பையும் பார்த்தால் 6.

இ. காட்சிப்பொருள் (குழுவுக்கு 3)

பின்வரிசைக்குத் தெரிகிறதா, சொல்வதோடு பொருந்துகிறதா, அவர்களே தயாரித்ததா: ஒவ்வொன்றுக்கும் 1. கடையில் அச்சடித்த பளபளப்புக்குத் தனி மதிப்பெண் இல்லை.

ஈ. தனியாள் பங்கு (ஒவ்வொருவருக்கும் 10)

முதல் வினா, 6 மதிப்பெண்: "இந்த வேலையில் நீ செய்த ஒன்றைச் சொல். முதலில் எங்கே தவறியது, பிறகு எப்படிச் சரிசெய்தாய்?" செய்தவரால்தான் தவறைச் சொல்ல முடியும். "மஞ்சள் மண்டிக்கு மதியம் போனோமுங்க, ஏலம் முடிஞ்சிருச்சு, மறுநாள் காலையில போனோம்" என்ற ஒரு பதில், மனப்பாடம் செய்த பத்து வரியைவிட மேல், அதற்கு 6. பொதுவாக "நான் உதவினேன்" என்றால் 2. குறிப்பேட்டில் அவர் கையெழுத்தில் பதிவு இருந்தால் அதை நான்காக உயர்த்தலாம்.

இரண்டாம் வினா, 4 மதிப்பெண்: "உன் பக்கத்தில் நிற்பவர் செய்த பகுதியை இரண்டு வரியில் சொல்." சரியாகச் சொன்னால் 4, மேலோட்டமாக 2. ஒருவரே எல்லாம் செய்த குழு இந்த இடத்தில் வெளிப்பட்டுவிடும்.

கொங்குப் பேச்சில், "ங்க" போட்டுச் சொன்னாலும் மதிப்பெண் குறையாது. திக்கினால் காத்திருங்கள். மேடையில் முடியாதவர் அன்று மாலைக்குள் ஆசிரியர் அறையில் அமர்ந்து அதே இரு வினாவுக்கும் பதில் சொல்லலாம்.

வேலையே செய்யாதவர் என்று குழு புகார் சொன்னால் உடனே ஏற்க வேண்டாம். வயல் வேலைக்கோ தறி வேலைக்கோ போய் விடுப்பு எடுத்தவராக இருக்கலாம். வருகைப் பதிவேட்டைப் பார்த்து, அவரிடமும் தனியே கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

மதிப்பெண் தாளைக் குழுத்தலைவரிடம் மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஆறு பேருக்கும் தனித்தனியே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மறுப்பு இருந்தால் மூன்று நாளுக்குள் எழுதித் தரலாம்.