அலோலிஸ்ட்ல சேர்க்க வேண்டிய என்னோட ஐபி: ஒண்ணே ஒண்ணு

ஐடி டீமுக்கு வணக்கம்ங்க. ரிப்போர்ட்டிங் டேஷ்போர்டு வேலை பண்ற ஃப்ரீலான்சர் நான். ஃபயர்வால்ல நீங்க அனுமதிக்க வேண்டியது இந்த ஒரு அட்ரஸ் மட்டும்தான்:

```
203.0.113.47/32
```

தேவையான போர்ட் ஸ்டேஜிங் சர்வருக்கு 22, ஸ்டேஜிங் போஸ்ட்கிரெஸுக்கு 5432, அட்மின் பேஜுக்கு 443, மூணுமே டிசிபி. புரொடக்ஷன் எனக்கு வேண்டாம், தயவுசெஞ்சு சேர்த்து கொடுத்துடாதீங்க.

இது என் வீட்டு நெட் ஐபி இல்லங்க. வீட்டு லைன்ல ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனாலே ஐபி மாறிடும், அதுவும் போக ப்ரொவைடர் சிஜிநாட் போட்டிருக்கறதால வெளிய தெரியற அட்ரஸை என்கூட வேற யார் யாரோ பகிர்ந்துக்கிட்டு இருப்பாங்க, அதை அனுமதிச்சா அவங்களையும் சேர்த்து உள்ள விட்ட மாதிரி ஆயிடும். அதனால நானே ஒரு விபிஎஸ் வாடகைக்கு எடுத்து அதுல வயர்கார்டு ஓட்டறேன், நான் எந்த ஊர்ல எந்த வைஃபைல உக்காந்து வேலை பார்த்தாலும் உங்க பக்கம் வர்ற டிராஃபிக் அந்த விபிஎஸ் வழியாதான் வரும். அந்த டனல்ல என்னைத் தவிர வேற யாரும் கிடையாது.

/32 தான் போடணும், வசதிக்காக /24 போட்டுடாதீங்க, பக்கத்து அட்ரஸ் எல்லாம் அதே ஹோஸ்டிங்ல இருக்கற வேற கஸ்டமருங்களோடது. ஐபிவி6 ரூல் தேவையில்லை, என் லேப்டாப்ல அதை ஆஃப் பண்ணியே வச்சிருக்கேன்.

அட்மின் பேஜ்ல மட்டும் ஒரு சிக்கல் வரலாம். அதுக்கு முன்னாடி ரிவர்ஸ் ப்ராக்ஸி இருக்குன்னு உங்க டெவலப்பர் சொன்னாரு, அப்படின்னா அதுக்குப் பின்னாடி இருக்கற ஃபயர்வாலுக்கு ப்ராக்ஸியோட ஐபிதான் தெரியும், என்னோடது தெரியாது. ஸோ 443க்கான ரூலை ப்ராக்ஸிலயே போடுங்க.

ரூல் போட்டதும் ஒரு ரிப்ளை போடுங்க, இங்கருந்து இதை ஓட்டிப் பார்க்கறேன்:

```
curl -4 https://ifconfig.me
nc -vz staging.example.com 22
nc -vz staging.example.com 5432
```

முதல் லைன்ல மேல இருக்கற ஐபி வரணும். அடுத்த ரெண்டும் டைம்அவுட் ஆச்சுன்னா பெரும்பாலும் ரூல் இன்னும் ஏறலன்னு அர்த்தம். எஸ்எஸ்ஹெச்ல `Permission denied (publickey)` வந்தா ஃபயர்வால் ஓகே, கீ தான் இன்னும் சேர்க்கல, அது தனிக் கதை, பப்ளிக் கீ இந்த டிக்கெட்லயே இருக்கு. ஐபி அனுமதிச்சாச்சேன்னு கீயையும் டூ ஃபேக்டரையும் தளர்த்த வேண்டாம், ரெண்டும் அப்படியே இருக்கட்டும்.

இந்த ஐபி மாறினா இதே டிக்கெட்லதான் சொல்வேன். என் பேர்ல தனி மெயில்லயோ சாட்லயோ புது அட்ரஸ் வந்துச்சுன்னா, எவ்ளோ அவசரம்னு எழுதியிருந்தாலும் சேர்க்காதீங்க, உங்க ப்ராஜெக்ட் மேனேஜரை விட்டு எனக்கு ஒரு கால் பண்ணிக் கேட்டுக்கோங்க.

கான்ட்ராக்ட் மார்ச் 31 வரைக்கும். ரூலோட கமெண்ட்ல அந்தத் தேதியையும் டிக்கெட் நம்பரையும் போட்டு வச்சீங்கன்னா ஏப்ரல்ல யாரு கண்ணுல பட்டாலும் தயங்காம டெலீட் பண்ணிடலாம்.

நன்றிங்க.