இன்சுலின் போடவும் சர்க்கரை பார்க்கவும் தனி இடம் கோரி விண்ணப்பம்

அனுப்புநர்: பணியாளர் எண் 2147, கணக்குப் பிரிவு, மூன்றாம் தளம், கிண்டி அலுவலகம், சென்னை
பெறுநர்: மேலாளர், மனிதவளப் பிரிவு
நாள்: 3-3-2025

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். இதற்கு மாத்திரை போதாது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் இன்சுலின் போட்டே ஆக வேண்டும். வேலை நேரத்துக்குள் வருவது மதியம் ஒரு ஊசி, மூன்று முறை விரல் குத்திச் சர்க்கரை பார்ப்பது: காலை 11, மதியம் 12.45, மாலை 4. ஊசிக்கு ஐந்து நிமிடம், பரிசோதனைக்கு இரண்டு நிமிடம் ஆகும். மூன்றாம் தளத்தில் ரெக்கார்டு ரூமை ஒட்டியுள்ள முதலுதவி அறையை இதற்காகப் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறேன்.

ரெஸ்ட்ரூமில் ஏன் முடியாது என்று கேட்கலாம். இன்சுலின் போடும் பேனாவில் புது ஊசியைத் திருகியதும் 2 யூனிட் மருந்தை வெளியே தள்ளி, நுனியில் சொட்டு வருகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வராவிட்டால் ஊசி அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று இருக்கிறது. அப்படியே போட்டால் மருந்து குறையும். பிறகு சட்டையை உயர்த்தி வயிற்றில் குத்தி, பொத்தானை முழுக்க அழுத்தி, பத்து எண்ணும்வரை ஊசியை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். வெளியே ஒருவர் கதவைத் தட்டினால் கை அவசரப்படும். முன்னதாக உருவினால் தோலில் மருந்து ஈரமாக நிற்கும். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது, ஊகித்து மறுபடி போடவும் கூடாது. பேனாவையும், சர்க்கரை பார்க்க ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்டிரிப் டப்பாவையும் வைக்கக் காய்ந்த, சுத்தமான இடமும் அங்கே இல்லை. ஸ்டிரிப்பில் ஈரம் பட்டால் கணக்கு தப்பும். விரலில் தண்ணீர் இருந்தால் அளவு குறைத்துக் காட்டும், வாழைப்பழம் உரித்த கையோடு குத்தினால் கூட்டிக் காட்டும். கூட்டிக் காட்டியதை நம்பி ஊசி போட்டால் ஆபத்து. அதனால் கை கழுவித் துடைத்துவிட்டு உடனே உட்கார ஒரு மேசை அவசியம். என் சீட்டில் செய்யலாம்தான். ஆனால் எல்லோர் முன்னாலும் சட்டையை உயர்த்த என்னால் முடியாது.

அறைக்குப் பெரிய செலவில்லை. ஒரு நாற்காலி, மேசை, எரியும் டியூப் லைட் போதும். ஓரமாக அடுக்கியிருக்கும் பழைய ஃபைல் பெட்டிகளை எடுத்துவிட்டால் இடம் தாராளம். சாவி இப்போது கீழே செக்யூரிட்டியிடம் இருக்கிறது. போய் வாங்கி வருவதிலேயே பத்து நிமிடம் போகிறது. ஒரு சாவி என்னிடம் இருக்கட்டும். மற்றது கட்டாயம் செக்யூரிட்டியிடமே இருக்க வேண்டும்: உள்ளே எனக்கு மயக்கம் வந்தால் வெளியிலிருந்து திறக்க வழி இருக்க வேண்டும். தாழ்ப்பாள் மட்டும் உள்ள அறையை நானே ஏற்க மாட்டேன்.

பயன்படுத்திய ஊசிகளைத் துளைக்க முடியாத கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, நானே எடுத்துப் போய் என் மருத்துவமனையில் ஒப்படைப்பேன். ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் கையில் ஊசி குத்திவிடக் கூடாது. அதனால் குப்பைக் கூடையில் எதையும் போட மாட்டேன். பான்ட்ரி ஃபிரிட்ஜில் ஒரு சிறிய டப்பாவுக்கு இடம் வேண்டும். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரீசரில் தவறி வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான், அதனால் ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு வார்த்தை சொல்லிவைக்கக் கேட்கிறேன்.

இடத்தைவிட முக்கியமானது நேரம். ஊசி போட்ட பத்துப் பதினைந்து நிமிடத்தில் சாப்பாட்டில் கை வைத்தாக வேண்டும். 12.45-க்கு ஊசி போட்ட பிறகு மீட்டிங்குக்கு அழைத்து 1.30 வரை உட்கார வைத்தால் சர்க்கரை இறங்கிவிடும். ஆகவே 12.45 முதல் 1.30 வரை எனக்கு மீட்டிங் வைக்க வேண்டாம் என்று என் டீம் லீடருக்குத் தெரிவியுங்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் நான் அறைக்குப் போக மாட்டேன், சீட்டிலேயே 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பேன். அந்த நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறலாம். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், இன்சுலினும் போட வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் டீம் லீடருக்கும் இதை நானே சொல்லிவிடுகிறேன். மற்ற யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் என் நோய் இல்லை என்பது தெரியும். ஆகவே சட்டத்தைக் காட்டிக் கேட்கவில்லை. உடல்நிலைக்கு அவசியமானது என்பதால் கேட்கிறேன். மருத்துவரின் சான்றிதழை இணைத்துள்ளேன். வரும் திங்கட்கிழமை, 10-ஆம் தேதி முதல் அறையைத் திறந்து தர இயலுமா என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
பணியாளர் எண் 2147
கணக்குப் பிரிவு