ஆசிரியர் உரை

அன்புள்ள வாசகர்களுக்கு வணக்கம்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஏப்ரல் 15 அன்று தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடுப்பகுதியை எட்டியிருக்கும். பாம்பன், மண்டபம், ராமேசுவரம் கரைகளில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்க, நாட்டுப்படகுகள் மட்டும் கடலுக்குப் போய் வருகின்றன. படிக்க நேரம் கிடைக்கும் மாதங்கள் இவை என்பதால், வழக்கத்தைவிட எட்டுப் பக்கங்களைக் கூட்டியிருக்கிறோம். வருமானம் நின்றுபோன நேரத்தில் விலையை உயர்த்த மனம் வரவில்லை.

இம்முறை அதிக இடம் பெற்றிருப்பவர்கள் கடற்பாசி எடுக்கும் பெண்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின், தாய்மார்கள் பாசி எடுத்த இடங்களுக்கு மகள்கள் போக முடியாமல் போனதையும், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கும் அந்த வேலையின் நுணுக்கத்தையும் அவர்களே சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறோம். அவர்களுடைய பேச்சைத் திருத்தவில்லை. திருத்த முயன்ற ஒரு பத்தி உயிரிழந்து போனதால் பழையபடியே விட்டுவிட்டோம்.

1964 புயலில் தனுஷ்கோடியை விட்டு வந்த குடும்பங்களின் நினைவுகள், பதநீர்க் காலம் பற்றிய குறிப்பு, மாணவர் பக்கம் ஆகியவையும் உண்டு. சென்ற இதழில் இரண்டு படங்களின் விளக்கங்கள் இடம் மாறிவிட்டன, பொறுத்தருள்க.

அடுத்த இதழுக்கான கடிதங்களை ஜூன் 10க்குள் அனுப்புங்கள். படகுகள் இறங்கிவிட்டால் உங்களுக்கும் எழுத நேரம் இருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்