லேபிள் கேட்ட தம்பிக்கு

வணக்கம் தம்பி. நான் வடிவமைத்த ஊறுகாய் லேபிள் படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததை இப்போதுதான் பார்த்தேன். அம்மா இடிக்கும் பொடிக்குத் தெருவில் நல்ல பெயர், இனி பாக்கெட் போட்டு கரூர் கடைகளுக்கும் கொடுக்கலாம் என்று இருவருமாக இறங்கியிருக்கிறீர்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. நன்றாக வரட்டும்.

கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோகோவும் மூன்று லேபிளும் இலவசமாகச் செய்துதர என்னால் முடியாது. 'இப்போது கொஞ்சம் வேலை அதிகம்' என்று சொல்லி நழுவியிருக்கலாம். அப்படிச் சொன்னால் நீங்களும் நம்பிக் காத்திருப்பீர்கள், அம்மாவிடமும் சொல்லி வைப்பீர்கள். வேலை இல்லாமல் சும்மா இருந்தாலும் என் பதில் இதுதான்.

எங்கள் வீட்டு வாடகை இந்த வேலையில்தான் போகிறது. அது ஒரு பக்கம். இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் பார்த்துப் பாராட்டிய ஊறுகாய் லேபிளுக்குச் சொந்தக்காரரும் உங்கள் அம்மாவைப் போல வீட்டுச் சமையலறையில் செய்து விற்பவர்தான். பணத்தைத் தவணையாகக் கொடுத்தார், ஒரு தவணைகூடத் தள்ளிப் போகவில்லை. நான் எழுதுவதை அவரும் படிக்கிறார். உங்களுக்குச் சும்மா செய்துகொடுத்துவிட்டு அவரிடம் நான் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

கேட்டதில் தவறே இல்லை, அதற்காக மன்னிப்பெல்லாம் எழுத வேண்டாம். 'அக்காவுக்கு அஞ்சு நிமிஷ வேலைதானே' என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோபம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். 100 கிராம் இட்லிப் பொடி பாக்கெட்டின் பின்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியல், அதிகம் சேர்த்த பொருள் முதலில் வருகிற வரிசையில். எடை. வரிகள் உட்பட அதிகபட்ச விலை. பேக் செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண். தயாரிப்பவர் முகவரி, புகார் சொல்ல ஒரு போன் நம்பர். 14 இலக்க FSSAI எண். பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம். இத்தனையும் உள்ளங்கை அகல இடத்தில், வயதானவர்களும் படிக்கிற அளவில் உட்கார வேண்டும். 'கீழே உங்க பேரும் போடறோம்' என்றீர்கள், அன்புக்கு நன்றி. என் பெயருக்கு அங்கே இடமே மிஞ்சாது!

இந்தப் பட்டியலைப் பற்றி இரண்டு விஷயம். சட்டப்படி போட வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், தமிழில் மட்டும் போட்டால் போதாது. இன்னொன்று பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்னால் பாருங்கள். இருந்தால் உங்கள் லேபிளில் 'கோதுமை உள்ளது' என்று ஒவ்வாமைக் குறிப்பு போட வேண்டும். பொடி செய்கிறவர்கள் பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

சரி, டிசைனர் இல்லாமல் இப்போதைக்கு எப்படி ஓட்டுவது? லோகோவுக்கு என் யோசனை இது. ஒரு வெள்ளைத்தாளும் தடித்த மார்க்கரும் கொடுத்து, பொடிக்கு வைக்கும் பெயரை அம்மா கையாலேயே பத்துப் பதினைந்து தடவை எழுதச் சொல்லுங்கள். நன்றாக வந்ததைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். Inkscape என்ற இலவச மென்பொருளில் அந்தப் படத்தைத் திறந்து Path மெனுவில் Trace Bitmap கொடுத்தால், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத எழுத்தாக மாறிவிடும். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டுப் பொடிக்கு அந்தக் கையெழுத்துதான் அழகு. இந்த வேலைக்கு நானே காசு வாங்கினாலும் இதைத்தான் முதலில் முயன்று பார்ப்பேன்.

மற்ற எழுத்துகளுக்கு Google Fonts-இல் Mukta Malar, Hind Madurai இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஒன்றே போதும், நாலு எழுத்துருவைக் கலக்காதீர்கள். கூகுளில் தேடி இறக்கிய உரல் படம், குத்துவிளக்குப் படம் எதுவும் வேண்டாம். அது யாரோ ஒருவர் வரைந்தது. பெயரை முடிவு செய்யும் முன் அரசின் ஐபி இந்தியா தளத்தில் டிரேட்மார்க் தேடலில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பொடி வகைகள் 30-ஆம் வகுப்பில் வரும். தேடுவதற்குக் கட்டணம் கிடையாது.

மூன்று பொடிக்கும் மூன்று டிசைன் தேவையில்லை. ஒரே லேபிள், அதில் ஒரு பட்டையின் நிறத்தை மட்டும் மாற்றுங்கள். இட்லிப் பொடிக்குச் சிவப்பு, பருப்புப் பொடிக்கு மஞ்சள், கறிவேப்பிலைப் பொடிக்குப் பச்சை. அச்சடித்த பாக்கெட் வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் எடுக்கச் சொல்வார்கள். அதற்குப் போகாமல், வெறும் பவுச் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டித் தொடங்குங்கள். எள் சேர்த்த பொடியில் எண்ணெய் கசியும். பேக் செய்த கையாலேயே தொட்டால் காகித ஸ்டிக்கரில் கறை ஏறி ஒரு வாரத்தில் பழசாகத் தெரியும். வினைல் ஸ்டிக்கர் கேளுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் தாங்கும்.

அப்புறம், ஸ்டிக்கர் அச்சடிக்கும் கடைக்குக் கொடுக்கும்போது எழுத்தையெல்லாம் Inkscape-இலேயே Object to Path கொடுத்து வடிவமாக்கி, PDF ஆகச் சேமித்துக் கொடுங்கள். பல கடைகளில் இன்னும் பழைய எழுத்துரு முறைதான். யூனிகோடில் அடித்த 'பொடி' அங்கே திறந்ததும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிய்ந்து நிற்கும். வாட்ஸாப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் Document ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் மங்கிவிடும்.

முழு ஆர்டர் கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் வீட்டு பிரின்டரில் அசல் அளவில் எடுத்து, பாக்கெட்டில் ஒட்டி, அலமாரியில் மற்ற பாக்கெட்டுகளோடு வைத்துத் தள்ளி நின்று பாருங்கள். பெயர் தெரிகிறதா, பின்னால் இருப்பதை அம்மாவால் கண்ணாடி போட்டுப் படிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

இத்தனையும் செய்து அச்சுக்குப் போகும் முன் லேபிளை இங்கேயே போடுங்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா, ஏதாவது விவரம் விட்டுப்போயிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு வேண்டாம். ஆனால் ஃபைலை அனுப்பி 'நீங்களே மாத்திக் கொடுத்துடுங்க அக்கா' என்று மட்டும் கேட்காதீர்கள்.

விற்பனை நன்றாகப் பிடித்த பிறகு, முழுதாக ஒருவரிடம் கொடுத்துச் செய்யலாம் என்று தோன்றினால் சொல்லுங்கள். லோகோவும் மூன்று லேபிளும் சேர்த்து நான் 6,000 ரூபாய் வாங்குகிறேன், பாதி முன்பணம், மீதியைத் தவணையாகக் கொடுக்கலாம். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. கரூரிலேயே நன்றாகச் செய்கிறவர்கள் இருப்பார்கள், நேரில் உட்கார்ந்து பேசிச் செய்வது உங்களுக்கும் வசதி.

இட்லிப் பொடி மிளகாய் தூக்கலா, எள் தூக்கலா? எள் என்றால் முதல் பேட்சில் எனக்குக் கால் கிலோ எடுத்து வையுங்கள். திருச்சிக்கு கூரியரோடு சேர்த்து எவ்வளவு ஆகும் என்று சொன்னால் பணத்தை அனுப்பிவிடுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.