ஒப்பந்தப் பதிலீட்டுப் பத்திரம் (நோவேஷன்)

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி திருப்பூரில் கீழ்க்கண்ட மூன்று தரப்பினரும் சம்மதித்து எழுதிக்கொண்ட பத்திரம்.

அவிநாசி ரோடு, கதவு எண் 318-இல் பதிவு அலுவலகம் கொண்ட கொங்கருவி அப்பேரல்ஸ் பிரைவேட் லிமிடெட் (இனி "நிறுவனம்"). அங்கேரிபாளையம் ரோடு, கதவு எண் 47-இல் இயங்கும் கூட்டு நிறுவனமான ஸ்ரீ மயில்வாகனன் நிட்டர்ஸ் (இனி "பழைய தரப்பு"). அதே ஷெட்டையும் 6 சர்குலர் நிட்டிங் மிஷின்களையும் வாங்கியுள்ள நொய்யல்கரை நிட்ஸ் பிரைவேட் லிமிடெட் (இனி "புதிய தரப்பு").

1. திருத்தப்பட்ட மூல ஒப்பந்தம்

1.1 இப்பத்திரத்தில் "திருத்தப்பட்ட மூல ஒப்பந்தம்" என்பது, நிறுவனமும் பழைய தரப்பும் 12.06.2021-இல் செய்த நிட்டிங் ஜாப் ஒர்க் ஒப்பந்தம், கூலியைக் கிலோவுக்கு ரூ.11-இலிருந்து ரூ.13 ஆக்கிய 03.01.2023 தேதிய முதல் திருத்தம், காலத்தை 31.05.2027 வரை நீட்டி டெபாசிட்டை ரூ.5,00,000-இலிருந்து ரூ.8,00,000 ஆக்கிய 15.07.2024 தேதிய இரண்டாம் திருத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. இவை தவிர வேறு திருத்தமோ, வாய்மொழி ஏற்பாடோ, கூலி உயர்வுக் கடிதமோ இல்லை என்று நிறுவனமும் பழைய தரப்பும் உறுதி கூறுகின்றன.

1.2 இரண்டாம் திருத்தத்தின் முகப்பில் மூல ஒப்பந்தத்தின் தேதி 21.06.2021 என்று உள்ளது எழுத்துப் பிழை. அந்தத் தேதியில் தரப்பினரிடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை, 12.06.2021 என்றே படிக்கப்படும்.

1.3 பழைய தரப்பு மூல ஒப்பந்தத்தில் "ஜாப் ஒர்க்கர்" என்றும், முதல் திருத்தத்தில் "நிட்டிங் யூனிட்" என்றும், இரண்டாம் திருத்தத்தில் "மயில்வாகனன் நிட்டிங்" என்றும் குறிக்கப்பட்டுள்ளது. மூன்றும் ஸ்ரீ மயில்வாகனன் நிட்டர்ஸ் என்ற ஒரே கூட்டு நிறுவனத்தையே குறிக்கும். அமல் தேதி முதல், அதற்குப் பிந்தைய வேலையைப் பொறுத்தவரை, இந்த மூன்று பெயர்களும் வரும் இடமெல்லாம் புதிய தரப்பு என்று படிக்கப்படும்.

2. பதிலீடு

உரிமையோடு நூல் பொறுப்பும் டெலிவரிக் கடமையும் சேர்ந்து கைமாறுவதால், பழைய தரப்பு மட்டும் கையெழுத்திடும் உரிமை மாற்றப் பத்திரம் இதற்குப் போதாது. எனவே இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 62-இன்படி, 01.10.2025 (இனி "அமல் தேதி") முதல் திருத்தப்பட்ட மூல ஒப்பந்தத்தின் அதே நிபந்தனைகளில் நிறுவனத்துக்கும் புதிய தரப்புக்கும் இடையே புதிய ஒப்பந்தம் ஏற்படுகிறது. அமல் தேதிக்குப் பிந்தைய கடமைகளிலிருந்து பழைய தரப்பை நிறுவனம் விடுவிக்கிறது.

3. பழைய கணக்கு

3.1 30.09.2025 வரை டெலிவரி ஆன துணிக்கான கூலி பழைய தரப்புக்கே சேரும். அக்டோபரில் பணம் கொடுத்தாலும் அந்த பில்களுக்கான டி.டி.எஸ். பழைய தரப்பின் பான் எண்ணிலேயே காட்டப்படும்.

3.2 நீடில் லைன் போன்ற குறைகள் பெரும்பாலும் சாயம் போட்ட பிறகே கண்ணுக்குத் தெரியும். ஆகவே ரோல் டேக்கில் உள்ள நிட்டிங் தேதியே பொறுப்பைத் தீர்மானிக்கும்: 30.09.2025 வரை ஓட்டியவற்றுக்குப் பழைய தரப்பு 29.12.2025 வரை பொறுப்பு. அமல் தேதி முதல் ஓட்டியவற்றுக்குப் புதிய தரப்பு. டேக் இல்லாத ரோல் 4.1-இன் பட்டியலில் இருந்தால் பழைய தரப்பைச் சேரும்.

4. நூலும் டெபாசிட்டும்

4.1 30.09.2025 மாலை 6 மணிக்கு மிஷின்களை நிறுத்தி, ஷெட்டில் உள்ள நூல், கிரீலில் ஏறிய கோன்கள், டெலிவரி ஆகாத துணி, வேஸ்ட் ஆகியவற்றை மூன்று தரப்பும் சேர்ந்து எடைபோட்டு, பட்டியலில் கையெழுத்திட வேண்டும். திருத்தப்பட்ட மூல ஒப்பந்தம் அனுமதிக்கும் 1% சேதாரத்துக்கு மேற்பட்ட குறைவுக்குப் பழைய தரப்பு நூல் விலை கொடுக்க வேண்டும்.

4.2 நூல் இடம் மாறாவிட்டாலும் வைத்திருப்பவர் மாறுவதால், புதிய தரப்பின் பெயருக்கு டெலிவரி சலான் போடப்படும். சி.ஜி.எஸ்.டி. சட்டம், 2017, பிரிவு 143-இன் ஓராண்டுக் கெடு முதலில் நூல் அனுப்பிய தேதியிலிருந்தே ஓடும். புதிய சலான் அதை நீட்டாது. பழைய சலான் எண்ணும் தேதியும் அதில் குறிக்கப்படும்.

4.3 புதிய தரப்பு ரூ.8,00,000-ஐப் பழைய தரப்புக்கு 29.09.2025-க்குள் வங்கி மூலம் செலுத்தும். அமல் தேதி முதல் நிறுவனத்திடம் உள்ள டெபாசிட் புதிய தரப்பினுடையது. தொகை சேராவிட்டால் இப்பத்திரம் அமலுக்கு வராது. திருத்தப்பட்ட மூல ஒப்பந்தம் பழைய தரப்போடு அப்படியே தொடரும்.

5. ஜாமீன்

பழைய தரப்பின் நிர்வாகப் பங்குதாரர் தந்த ஜாமீன் 30.09.2025 வரையிலான பொறுப்புக்கும் பிரிவு 3.2, 4.1-க்கும் மட்டும் நீடிக்கும்; இதற்குச் சம்மதித்து அவர் ஜாமீன்தாரராகவும் தனியே கையெழுத்திடுகிறார். அமல் தேதிக்குப் பிந்தைய நூல் மதிப்புக்குப் புதிய தரப்பின் இயக்குநர் இப்பத்திரத்தின் மூலமே ஜாமீன் நிற்கிறார்.

6. மற்றவை

திருத்தப்பட்ட மூல ஒப்பந்தத்தின் மத்தியஸ்தப் பிரிவு மூன்று தரப்பையும் கட்டுப்படுத்தும். முத்திரைத் தீர்வை புதிய தரப்பின் செலவு. மூன்று அசல்கள் கையெழுத்தாகின்றன.

நிறுவனத்துக்காக: ஆர். செல்வமணி, நிர்வாக இயக்குநர்
பழைய தரப்புக்காக: கே. பழனிச்சாமி, நிர்வாகப் பங்குதாரர்
புதிய தரப்புக்காக: எம். கவிதா, இயக்குநர்
ஜாமீன்தாரர்கள், தனிப்பட்ட முறையில்: கே. பழனிச்சாமி, எம். கவிதா
சாட்சிகள்: எஸ். தங்கவேல், டி. ரேவதி